முகத்துக்கு முதல் ஆப்: போனிலா, கம்ப்யூட்டரிலா?

மலையைக் கொஞ்சம் கூடுதலாகப் பச்சையாக்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். பெரியம்மாவின் கன்னம் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தால் வீடே கேட்கும். முகத்தை அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. போட்டோ எடிட்டிங் கற்க நினைப்பவர்களில் பலர் வீட்டு மனிதர்களின் முகப்படத்தில்தான் கை வைக்கிறார்கள். எளிதில் கெட்டுப்போவதும் அந்தப் படம்தான். அதனால் முதல் ஆப்பைத் தேடும்போது அதில் எத்தனை ஃபில்டர், எத்தனை ஸ்டிக்கர் என்று எண்ணுவதைவிட, ஒரு முகத்தை அது எப்படிக் கையாள்கிறது என்று பார்ப்பது நல்லது.

அதற்கு மூன்று கேள்விகள் போதும். முகத்தின் ஒரு பகுதியை மட்டும், மற்றதைத் தொடாமல் மாற்ற முடிகிறதா? பத்து மாற்றம் செய்தபின் மூன்றாவதை மட்டும் குறைக்க நினைத்தால், மற்ற ஒன்பதையும் இழக்காமல் குறைக்க முடிகிறதா? வேலை முடிந்ததும் படம் எடுத்த அளவிலேயே, வாட்டர்மார்க் இல்லாமல் வெளியே வருகிறதா? பணம் கட்டாமல் இந்த மூன்றையும் தருகிற ஆப்தான் தொடங்குவதற்கு ஏற்றது.

போனில் ஸ்னாப்சீடும் கம்ப்யூட்டரில் கிம்ப்பும் இந்தச் சோதனையில் தேறுகின்றன. ஸ்னாப்சீடை 2011இல் நிக் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் ஐபேடுக்காக வெளியிட்டது. அடுத்த ஆண்டே கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. இன்று அது ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் சந்தா இல்லாமல், விளம்பரம் இல்லாமல் கிடைக்கிறது. கிம்ப் அதைவிட மூத்தது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் எழுதி 1996இல் வெளியிட்ட மென்பொருள் அது. இன்றுவரை தன்னார்வலர்கள் வளர்த்துவருகிறார்கள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இலவசமாக ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே படத்தைக் கொடுத்துப் பார்த்தால், எங்கே போன் போதும், எங்கே கம்ப்யூட்டர் தேவைப்படும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

சோதனைக்கு ஒரு படம்

படம் இப்படி இருக்கட்டும். கிராமத்து வீட்டுத் திண்ணையில் அறுபது வயது தாண்டிய ஒரு பெரியம்மா உட்கார்ந்திருக்கிறார். நேரம் பிற்பகல் நான்கு மணி. கல்லூரியில் படிக்கும் தங்கை மகள் தன் போனில் படம் எடுக்கிறாள். வெளிச்சம் தெருப்பக்கமிருந்து, அவருடைய வலக் கன்னத்தின் மேல் விழுகிறது. இடப்பக்கம் பச்சை டிஸ்டெம்பர் அடித்த சுவர். நெற்றியில் வியர்வை மினுக்கம். கண்களுக்குக் கீழே நிழல். தாடையில் கொசு கடித்த சிவப்புப் புள்ளி ஒன்று. மூக்கில் சிறிய கல் மூக்குத்தி.

இந்தப் படத்தில் நான்கு வேலை இருக்கிறது. கொசுக்கடியை எடுக்க வேண்டும். கண்ணுக்குக் கீழுள்ள நிழலைக் கொஞ்சம் இளக்க வேண்டும். நெற்றி மினுக்கத்தை அடக்க வேண்டும். சுவரிலிருந்து இடக் கன்னத்தில் ஏறியிருக்கும் பச்சையை நீக்க வேண்டும். முகத்தின் சுருக்கங்களும் மூக்குத்தியின் ஒளியும் அப்படியே இருக்க வேண்டும். இந்த நான்கில் ஒன்றுகூடப் படம் முழுவதற்கும் ஃபில்டர் போட்டுத் தீர்கிற வேலை இல்லை.

போனில் செய்தால்

ஸ்னாப்சீடில் படத்தைத் திறந்ததும் டூல்ஸ் பட்டியலில் ஹீலிங்கைத் தொட வேண்டும். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கொசுக்கடியின் மேல் ஒருமுறை தொட்டால் போதும். சுற்றியுள்ள தோலிலிருந்து அந்த இடத்தை ஆப் நிரப்பிவிடும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. படத்தை எவ்வளவு பெரிதாக்குகிறோமோ, விரல் தொடும் இடம் படத்தில் அவ்வளவு சிறிதாகிறது. பெரிதாக்காமல் தொட்டால் புள்ளியோடு தாடையின் ஓரமும் சேர்ந்து நிரம்பி, அந்த இடம் மெழுகு போல வழுக்கையாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் திரையில் உள்ள பின்செல் அம்பைத் தொட்டு, இன்னும் பெரிதாக்கி மறுபடி செய்யலாம்.

அடுத்தது கண்ணுக்குக் கீழுள்ள நிழல். இதற்கு செலக்டிவ் என்ற கருவி. நிழலின் நடுவில் தொட்டால் ஒரு புள்ளி விழும். இரண்டு விரலை விரித்தும் சுருக்கியும் அந்தப் புள்ளி எவ்வளவு தூரம் வேலை செய்ய வேண்டும் என்று வட்டமிடலாம். வட்டத்துக்குள் இருக்கும் எல்லாவற்றையும் அது மாற்றுவதில்லை. தொட்ட இடத்தின் நிறத்தோடு ஒத்துப்போகும் பகுதியைத்தான் பிடிக்கிறது. அதனால் இமையும் கண்மணியும் பெரும்பாலும் தப்பிவிடும். விரலை வலப்பக்கம் இழுத்தால் வெளிச்சம் கூடும். 15 வரை போகலாம். 40 வரை இழுத்தால் கண்ணைச் சுற்றிப் பவுடர் பூசிய வளையம் போலாகிவிடும்.

நெற்றி மினுக்கத்துக்கும் இதே கருவிதான், ஆனால் எதிர்த்திசையில். வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். இங்கேதான் முதல் எல்லை வருகிறது. டிஜிட்டல் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. சாதாரண ஜேபெக் படத்தில் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை. மினுக்கத்தின் நடுவில் மூன்றுமே 255ஐத் தொட்டிருந்தால் அங்கே தோலின் நிறம் பதிவாகவே இல்லை. வெளிச்சத்தைக் குறைத்தால் தோல் திரும்பி வராது, வெள்ளை சாம்பலாக மாறும், அவ்வளவுதான். நெற்றியில் சாம்பல் திட்டு தெரிகிறதா என்று பார்ப்பதே சோதனை. தெரிந்தால் பாதியளவு குறைத்துக்கொண்டு, மிச்ச மினுக்கத்தை இயல்பு என்று விட்டுவிடுவது அழகு.

கடைசியாக, பச்சைக் கன்னம். பலரும் தவறவிடும் வேலை இது. ஸ்னாப்சீடின் உண்மையான பலமும் இங்கேதான் இருக்கிறது. வைட் பேலன்ஸ் கருவியில் டிண்ட் என்று ஓர் அளவு உண்டு. ஒரு பக்கம் இழுத்தால் படம் பச்சையாகும், மறுபக்கம் இழுத்தால் இளஞ்சிவப்பாகும். இடக் கன்னத்தில் மட்டும் பார்வையை வைத்து, பச்சை போய்ச் சரியான தோல் நிறம் வரும்வரை இளஞ்சிவப்புப் பக்கம் இழுக்க வேண்டும். இப்போது கன்னம் சரியாகிவிட்டது. ஆனால் படத்தின் மற்ற இடமெல்லாம் ரோஸ் நிறமாகிவிட்டது. கவலையில்லை. சரி என்று டிக் கொடுத்துவிட்டு, மேலே இருக்கும் அடுக்குக் குறியைத் தொட்டு வியூ எடிட்ஸ் போனால், இதுவரை செய்த எல்லாப் படிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். வைட் பேலன்ஸ் என்ற படியைத் தொட்டால் பிரஷ் குறி வரும். அதை எடுத்ததும் செய்த மாற்றம் முழுவதும் மறைந்துவிடும். இனி விரலால் எங்கே தடவுகிறோமோ அங்கே மட்டும் அது திரும்ப வரும். பிரஷ்ஷின் வலுவை 50க்கு வைத்து இடக் கன்னத்திலும் கழுத்தின் இடப்பக்கத்திலும் தடவினால் பச்சை மட்டும் இறங்கும்.

இரண்டாவது கேள்விக்கும் இங்கேயே பதில் கிடைக்கிறது. கண்ணின் நிழலை அதிகம் இளக்கிவிட்டதாகத் தோன்றினால், வியூ எடிட்ஸில் அந்தப் படியை மட்டும் திறந்து 15ஐ 8 ஆக்கலாம். அதற்குப்பின் செய்த வேலை அப்படியே இருக்கும். ஐபோனில், சேவ் செய்த படத்தை ஸ்னாப்சீடில் மறுபடி திறந்தாலும் இந்தப் படிகளைத் தொட முடியும். எக்ஸ்போர்ட் செய்தால் எல்லாம் ஒன்றாக உறைந்துவிடும். போனைப் பொறுத்தும் ஆப்பின் பதிப்பைப் பொறுத்தும் இது மாறுகிறது, குறிகள் இருக்கும் இடமும் மாறுகிறது. ஆகவே முதல் நாளே ஒரு படத்தைச் சேமித்து, மூடி, திறந்து, படிகள் நிற்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நிற்காத போனில், வேலையை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மூடுவதுதான் வழி.

இந்த நான்கையும் கற்றுக்கொண்ட ஒருவருக்கு ஒரு படத்துக்குப் பத்து நிமிடம் போதும். இந்தப் படத்தை குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ இன்ஸ்டாகிராமிலோ போடுவதற்கு வேறெதுவும் தேவையில்லை.

கம்ப்யூட்டரில் செய்தால்

அதே படத்தைக் கிம்ப்பில் திறந்தால் முதல் பார்வையில் மிரட்சிதான் வரும். இடப்பக்கம் கருவிகள், வலப்பக்கம் லேயர்கள், மேலே பத்துக்கு மேற்பட்ட மெனுக்கள். முகப்படத்துக்கு இவற்றில் நான்கைந்துதான் வேண்டும்.

கொசுக்கடிக்கு இங்கேயும் ஹீல் என்ற கருவிதான், H விசையை அழுத்தினால் வரும். ஆனால் ஒரு வித்தியாசம். போனில் எங்கிருந்து தோலை எடுப்பது என்று ஆப்பே முடிவு செய்கிறது. கிம்ப்பில் Ctrl விசையை அழுத்திக்கொண்டு நல்ல தோல் இருக்கும் இடத்தைக் கிளிக் செய்து நாமே காட்ட வேண்டும். கூடுதல் வேலை என்று தோன்றும். ஆனால் மூக்குத்திக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி இருந்தால் இதன் அருமை புரியும். அந்த இடத்தில் போன் ஆப் மூக்குத்தியின் ஒளியையும் சேர்த்து இழுத்துப் பூசிவிடலாம். கிம்ப்பில் கன்னத்திலிருந்து தோலை எடுத்து, பிரஷ்ஷைப் புள்ளியின் அளவுக்குச் சுருக்கி, மூக்குத்தியைத் தொடாமல் முடிக்கலாம். மேலாகப் புதிய காலி லேயர் ஒன்றைப் போட்டு, கருவியில் சேம்பிள் மெர்ஜ்டு என்பதை டிக் செய்துகொண்டால் திருத்தம் முழுவதும் அந்த லேயரில் நிற்கும். பிடிக்காவிட்டால் லேயரை அழித்தால் போதும், அடியில் இருக்கும் படத்துக்கு ஒன்றும் ஆகாது.

நெற்றி மினுக்கத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. குளோன் கருவியை எடுத்து, அதன் மோடை டார்க்கன் ஒன்லி என்று மாற்றி, ஒபாசிட்டியை 20 சதவீதமாகக் குறைக்க வேண்டும். மினுக்கத்துக்குச் சற்றுத் தள்ளியுள்ள நல்ல நெற்றித் தோலை Ctrl கிளிக் செய்து எடுத்து, மினுக்கத்தின்மேல் மெல்லப் பூச வேண்டும். தோலைவிட வெளிச்சமான புள்ளிகள் மட்டும் மாறும், சுருக்கத்தின் கருமையான கோடுகள் அப்படியே இருக்கும். போனில் சாம்பலாக மாறிய அதே இடம் இங்கே தோலின் நிறத்தைப் பெறுகிறது. காரணம் எளிது. இல்லாத நிறத்தைப் படத்திலிருந்து தோண்டி எடுக்க முயலவில்லை, பக்கத்திலிருந்து கொண்டுவந்து வைக்கிறோம்.

பச்சைக் கன்னத்தில் கம்ப்யூட்டர் தரும் உதவி வேறு வகையானது. கண்ணால் பார்த்துக் குழம்பாமல் எண்ணைப் பார்க்கலாம். கலர் பிக்கர் கருவியால் வலக் கன்னத்தைத் தொட்டால் சிவப்பு 168, பச்சை 122, நீலம் 96 என்பது போல வரும். மனிதத் தோல் கறுப்போ மாநிறமோ சிவப்போ, சாதாரண வெளிச்சத்தில் இந்த வரிசை மாறுவதில்லை: சிவப்பு அதிகம், பச்சை நடுவில், நீலம் குறைவு. ஆளுக்கு ஆள் பெரிதாக மாறுவது எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு அடர்த்தி என்பதுதான். இப்போது சுவர்ப்பக்கக் கன்னத்தைத் தொட்டால் சிவப்பு 120, பச்சை 116, நீலம் 84 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பச்சை சிவப்பை எட்டிப் பிடித்துவிட்டது. இதுதான் சுவர் செய்த வேலை.

லேயரை டூப்ளிகேட் செய்து, கலர்ஸ் மெனுவில் கர்வ்ஸைத் திறந்து, சேனலை கிரீன் என்று மாற்றி, 116 இருக்கும் இடத்தைப் பிடித்து 95க்கு அருகே இறக்கினால் கன்னம் சரியாகும். மற்ற இடம் கெடும். அந்த லேயருக்குக் கறுப்பு மாஸ்க் போட்டால் மாற்றம் முழுவதும் மறையும். வெள்ளை நிறம் எடுத்து, ஓரம் மென்மையான பிரஷ்ஷால் இடக் கன்னத்தில் தீட்டினால் அங்கே மட்டும் தெரியும். போனில் விரலால் தடவியதும் இதுவும் ஒரே யோசனைதான். ஸ்னாப்சீடில் அதைச் செய்து பார்த்தவருக்குக் கிம்ப்பின் மாஸ்க் அன்றே புரிந்துவிடும். முதல் ஆப்பாகப் போனைப் பரிந்துரைப்பதற்கு இது ஒரு வலுவான காரணம்.

கண்ணுக்குக் கீழுள்ள நிழலுக்கும் திட்டுத் திட்டான தோலுக்கும் கிம்ப்பில் ஒரு வசதி உண்டு. ஸ்டுடியோக்காரர்கள் ஃபோட்டோஷாப்பில் ஃப்ரீக்வென்சி செபரேஷன் என்ற பெயரில் செய்யும் வேலை அது. Filters, Enhance, Wavelet decompose என்ற வழியில் போனால் படம் பல அடுக்குகளாகப் பிரியும். மேலடுக்குகளில் மயிர்த்துளை, சுருக்கம், முடி போன்ற நுண்ணிய விவரம் இருக்கும். கீழே போகப்போக நிழலும் நிறத் திட்டும் மட்டும் இருக்கும். கீழடுக்கில் நிழலைச் சமன் செய்தால் மேலே இருக்கும் சுருக்கம் கலையாது. பெரியம்மா களைப்பில்லாமல் தெரிவார், வயது அப்படியே இருக்கும். ஸ்னாப்சீடில் இப்படிப் பிரித்து வேலை செய்ய வழியில்லை. அங்கே போர்ட்ரெய்ட் கருவியில் ஸ்கின் ஸ்மூத்திங் உண்டு. கொஞ்சமாகப் போட்டால் உதவும். கூட்டினால் சுருக்கத்தையும் சேர்த்து வழித்துவிடும்.

எங்கே இடறுகிறது

கம்ப்யூட்டர் பக்கமும் இடறல்கள் உண்டு. கிம்ப்பில் சேவ் கொடுத்தால் எக்ஸ்சிஎஃப் என்ற வகையில்தான் கோப்பு சேரும். லேயர்கள் எல்லாம் பத்திரமாக இருக்கும், ஆனால் அது கிம்ப்புக்கு மட்டுமே ஏற்ற வடிவம். பிரிண்ட் கடையில் அதைக் கொடுத்தால் திறக்காது. ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் ஆஸ் போய், பெயரின் முடிவில் .jpg என்று போட்டு இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். இரண்டையும் வைத்திருப்பதே முறை. திருத்த எக்ஸ்சிஎஃப், கொடுக்க ஜேபெக்.

பழைய லேப்டாப் இன்னொரு தடை. 24 மெகாபிக்சல் கேமரா படம் ஒரு லேயருக்கு மட்டும் ஏறத்தாழ 96 எம்பி நினைவகத்தை எடுத்துக்கொள்ளும். பத்து லேயர் போட்டால் அது ஒரு ஜிபியை நெருங்கும். பின்செல்வதற்காகக் கிம்ப் தனியே வைத்திருக்கும் நினைவும் இதோடு சேரும். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் விண்டோஸும் பிரவுசரும் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரஷ் கையைவிடப் பின்தங்கி வரத் தொடங்கும். அந்த நிலையில் வீட்டில் இருக்கும் சாதாரண போன்கூட வேகமாக வேலை செய்யும். புதிதாகக் கற்பவருக்கு வேகம் முக்கியம். பிரஷ் தாமதமாக வந்தால் எங்கே தீட்டுகிறோம் என்பதே பிடிபடாது.

போன் பக்கத்தில் பெரிய இடறல் திரை. பல போன்களின் திரை விவிட் என்ற அமைப்பில் நிறங்களைத் தூக்கிக் காட்டும். மாலையானதும் கண் பாதுகாப்பு என்ற பெயரில் மஞ்சளேறும். வெயிலில் வெளிச்சம் முழுவதாக ஏறியிருக்கும். இந்த மூன்றில் எது இருந்தாலும் கண் ஏமாறும். மஞ்சளேறிய திரையில் சரியாகத் தெரியும்வரை திருத்திய முகம், மறுநாள் காலை இன்னொருவர் போனில் நீலம் பாய்ந்து தெரியும். முழு வெளிச்சத்தில் திருத்திய முகம் பிரிண்ட்டில் இருண்டு வரும். திருத்தும்போது நிற அமைப்பை நேச்சுரலுக்கு மாற்றி, இரவு அமைப்பை அணைத்து, வெளிச்சத்தைப் பாதிக்கு வைத்துக்கொண்டு, நிழலில் உட்கார்ந்து செய்தால் இதில் பெரும்பகுதி தீரும். லேப்டாப் திரையும் குற்றமற்றதல்ல. விலை குறைந்த திரைகளில் மூடியைச் சற்றுச் சாய்த்தாலே முகம் வெளுக்கும், நிமிர்த்தினால் இருளும். திரைக்கு நேராக உட்கார்ந்து, மூடியின் கோணத்தை மாற்றாமல் வேலை செய்ய வேண்டும்.

எந்த ஆப்பாலும் திருத்த முடியாத ஒரு கேடு படம் எடுக்கும்போதே நடக்கிறது. பல போன் கேமராக்களில் பியூட்டி மோடு ஏற்கெனவே இயங்கும் நிலையில் இருக்கும். தோலை வழவழப்பாக்கி, நிறத்தை வெளுப்பாக்கி, சிலவற்றில் தாடையை ஒடுக்கியும் அது படத்தைச் சேமிக்கிறது. அப்படி வந்த படத்தில் மயிர்த்துளைகளும் சுருக்கங்களும் பதிவாகவே இல்லை. பின்னால் எவ்வளவு கூர்மையாக்கினாலும் அவை திரும்பாது. மாநிறமும் கறுப்பும் அழகாக வர வேண்டுமென்றால் முதல் வேலை அதை அணைப்பதுதான். ஒரே தொடுதலில் முகத்தை அழகாக்கித் தருவதாகச் சொல்லும் ஆப்களை முதல் ஆப்பாக வைக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். எதை, எங்கே, எவ்வளவு மாற்றியது என்று அவை சொல்வதில்லை. அதனால் அவற்றிலிருந்து கற்றுக்கொள்ளவும் ஒன்றும் கிடைப்பதில்லை.

பிரிண்ட் போட வேண்டுமென்றால்

அந்தப் பெரியம்மாவின் படத்தைச் சட்டம் போட்டு மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். நல்ல பிரிண்ட்டுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது அச்சு வழக்கம். 4க்கு 6 அங்குலப் படத்துக்கு 1200க்கு 1800 பிக்சல் போதும். 12க்கு 18 அங்குலத்துக்கு 3600க்கு 5400 வேண்டும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் படம் என்பதால் 2400க்கு 3600 இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். 12 மெகாபிக்சல் போன் படம் ஏறத்தாழ 3000க்கு 4000. ஆக, போனில் எடுத்து, போனிலேயே திருத்தி, முழு அளவில் எக்ஸ்போர்ட் செய்தால் சுவரில் மாட்டும் அளவுக்குக்கூட வரும்.

கெடுவது இடையில்தான். எடுத்தவள் படத்தை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். அதை 18 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 90 பிக்சல்கூடத் தேறாது. கண் இமை கட்டம் கட்டமாகத் தெரியும். அதே படத்தை டாக்குமெண்ட் என்ற வழியில் அனுப்பினால் ஒரு பிக்சல்கூடக் குறையாது. போனில் எடுத்துக் கம்ப்யூட்டரில் திருத்துகிறவர்களுக்கு கேபிள்தான் இன்னும் நம்பகமான வழி. ஸ்னாப்சீடின் செட்டிங்ஸில் படத்தின் அளவு டூ நாட் ரீசைஸ் என்று இருக்கிறதா, ஜேபெக் தரம் 95க்குக் குறையாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐபோன் படங்கள் ஹெச்இஐசி என்ற வகையில் சேரும். சில கம்ப்யூட்டர்களும் பிரிண்ட் கடைகளும் அதைத் திறக்கத் திணறும். போனின் கேமரா அமைப்பில் ஃபார்மேட்ஸுக்குப் போய் மோஸ்ட் கம்பேட்டிபிள் என்று மாற்றினால் அடுத்த படத்திலிருந்து ஜேபெக் ஆகவே வரும்.

பெரிய பிரிண்ட்டுக்குக் கொடுக்குமுன் அதே கடையில் 4க்கு 6 ஒன்று போட்டுப் பார்ப்பது செலவில்லாத காப்பீடு. முகம் இருண்டு வந்தால் திரை வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். படத்தின் வெளிச்சத்தைச் சற்றுக் கூட்டி மறுபடி எக்ஸ்போர்ட் செய்யலாம்.

மற்றவை எங்கே நிற்கின்றன

லைட்ரூம் என்ற பெயரைப் பலர் கேட்டிருப்பார்கள். அடோபி நிறுவனம் 2007இல் கம்ப்யூட்டருக்காக வெளியிட்டது, பின்னர் போனுக்கும் வந்தது. போன் பதிப்பை இலவசமாக இறக்கி, வெளிச்சமும் நிறமும் திருத்தலாம். நிறத்தைத் தனித்தனியாகக் கையாள்வதில் அது மிக நன்றாக இருக்கிறது. ஆனால் முகத்தின் ஒரு பகுதியை மட்டும் திருத்த உதவும் மாஸ்க் வசதி சந்தா கட்டினால்தான் திறக்கும். பச்சைக் கன்னத்தை இலவச லைட்ரூமில் தனியே திருத்த முடியாது. முதல் கேள்வியிலேயே அது தங்கிவிடுகிறது. மாதம் இருபது முப்பது முகப்படம் திருத்தத் தொடங்கியபின், எல்லாவற்றுக்கும் ஒரே நிறம் வர வேண்டும் என்ற தேவை வந்தபின், அதற்குப் பணம் கட்டுவது நியாயமாக இருக்கும்.

கம்ப்யூட்டரில் எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு ஃபோட்டோபீ இருக்கிறது. கல்லூரி லேபிலும் அலுவலகத்திலும் பிரவுசரில் திறந்தால் போதும். ஃபோட்டோஷாப்பைப் போன்ற தோற்றம், லேயர், மாஸ்க், ஹீலிங் எல்லாம் உண்டு, பக்கவாட்டில் விளம்பரம் ஓடும். பிரவுசரில் ஓடினாலும் படம் எங்கும் ஏற்றப்படுவதில்லை, வேலை முழுவதும் அந்தக் கம்ப்யூட்டரிலேயே நடக்கிறது. குடும்பப் படங்களை முகம் தெரியாத சர்வருக்கு அனுப்பத் தயங்குகிறவர்களுக்கு இது முக்கியம். பின்னாளில் ஸ்டுடியோவில் வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இதில் பழகியது ஃபோட்டோஷாப்பில் அப்படியே கைகொடுக்கும்.

கேமரா வாங்கி ரா வகையில் படமெடுக்கத் தொடங்கியவர்களின் கணக்கு வேறு. ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் இருக்கும் இடத்தில், 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் இருக்கின்றன. ஜேபெக்கில் வெள்ளையாகிப்போன நெற்றி மினுக்கத்தில்கூட ரா கோப்பில் தோலின் நிறம் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு. கிம்ப் தனியாக ரா கோப்பைத் திறக்காது. டார்க்டேபிள் அல்லது ராதெரபி என்ற இலவச மென்பொருளில் ஒன்றை உடன் நிறுவினால், அதன் வழியாகத் திறந்து வெளிச்சத்தையும் நிறத்தையும் சரிசெய்து கிம்ப்புக்கு அனுப்பும். இந்த இரட்டை வேலைக்குக் கம்ப்யூட்டரே வசதி. ஸ்னாப்சீடும் டிஎன்ஜி என்ற ரா வகையைத் திறக்கும் என்பதால், அந்த வகையில் எடுக்கும் வசதியுள்ள போன் வைத்திருப்பவர்கள் ஒருமுறை முயன்று பார்க்கலாம்.

யாருக்கு எது

கையில் போன் மட்டும் இருந்தாலும், 4 ஜிபி ராம் லேப்டாப் இருந்தாலும், படங்கள் பெரும்பாலும் போன் திரையிலேயே பார்க்கப்படுமானாலும் ஸ்னாப்சீடில் தொடங்கலாம். ஹீலிங், செலக்டிவ், வைட் பேலன்ஸ், வியூ எடிட்ஸில் உள்ள பிரஷ் ஆகிய நான்கை மட்டும் ஒரே முகத்தில் செய்து பழகினால் போதும். மற்ற கருவிகள் காத்திருக்கலாம். குறிப்பாக டீட்டெய்ல்ஸில் உள்ள ஸ்ட்ரக்சர் முகத்துக்கு ஆகாது. துணியின் நெசவை எடுத்துக்காட்டும் அதே கருவி முகத்தில் ஒவ்வொரு துளையையும் கறுப்பாக்கிவிடும்.

8 ஜிபி ராமும் மவுஸும் உள்ள கம்ப்யூட்டர் இருந்து, 12க்கு 18 பிரிண்ட்டோ கல்யாண ஆல்பமோ குறியாக இருந்தால் நேராகக் கிம்ப்புக்கே போகலாம். புதிதாக நிறுவுகிறவர்கள் 2025இல் வந்த 3.0 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுக்க வேண்டும். அதற்கு முந்திய பதிப்புகளில் கர்வ்ஸ் போன்ற மாற்றங்கள் செய்தவுடன் படத்தில் கலந்துவிடும். இதில் அவற்றை லேயரின் பக்கத்தில் திறந்து பின்னர் மாற்ற முடிகிறது.

போனில் தொடங்கியவர் எப்போது கம்ப்யூட்டருக்கு மாற வேண்டும் என்பதைப் படங்களே காட்டிவிடும். மூக்குத்தி, ஜிமிக்கி, நெற்றி முடி இவற்றின் ஓரத்தில் ஹீலிங் மூன்று முறை செய்தும் பூசியது போலவே வந்தால், நெற்றியில் சாம்பல் திட்டு திரும்பத் திரும்ப வந்தால், சுருக்கத்தை விட்டுவிட்டு நிழலை மட்டும் எடுக்க முடியாமல் திணறினால், அந்தப் படத்தை மட்டும் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கிம்ப்பில் திறக்கலாம். மற்ற படங்கள் போனிலேயே முடியட்டும். மாற்றும்போது திருத்திய பிரதியோடு, தொடாத அசல் படத்தையும் சேர்த்து எடுத்துப்போக வேண்டும். போனில் ஒருமுறை சாம்பலாகவோ வழவழப்பாகவோ உறைந்துபோன தோலைக் கம்ப்யூட்டராலும் மீட்க முடியாது. அசல் கையில் இருந்தால் அந்த ஒரு நெற்றியை மட்டும் முதலிலிருந்து செய்துகொள்ளலாம்.